கை விழுந்த பின் வந்த சொல்

காலை ஏழு மணிக்கே மிருதங்கக்காரர் போன் செய்துவிட்டார். "தம்பி, வீடியோ பார்த்தேன். வர்ணமும் முதல் ரெண்டு கீர்த்தனையும் சுகமா இருக்கு. தனி வந்ததும் என் கை ஒண்ணு வாசிக்குது, மிருதங்கம் வேற ஒண்ணு பேசுது. கை விழுந்த பிறகு சொல் வருதே, ஏன்?"

நான் கச்சேரிகளைப் படம் பிடித்துத் தொகுத்துக் கொடுப்பவன். இந்தப் புகாருக்கு உடனே பதில் சொல்லத் தெரியாமல், "பார்க்கிறேன் சார்" என்று போனை வைத்தேன். வீடியோவை ஓட்டினேன். அவர் சொன்னது சரிதான். தொடக்கத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை. ஒரு மணி நாற்பது நிமிடம் கழித்துத் தனியாவர்த்தனம் வரும்போது, வலது கை தோலைத் தொட்டு மேலே எழுந்த பிறகுதான் 'நம்' என்ற ஓசை கேட்கிறது. மங்களத்துக்கு வந்தால் இன்னும் மோசம். எங்கும் வெட்டு இல்லை, விட்டுப்போனதும் இல்லை. மாவரைக்கும் இயந்திரத்தின் பெல்ட் மாதிரி, ஒலி கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டே போயிருந்தது.

படத்தையும் ஒலியையும் ஏன் தனித்தனியாகப் பதிவு செய்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேமரா அரங்கின் பின்னால் ஒரு மேடான இடத்தில் நிற்கும். அதில் உள்ள சிறிய மைக்குக்குக் கேட்பது ஒலிபெருக்கியின் எதிரொலியும், பக்கத்து இருக்கைக்காரரின் தாளமும், ஏசியின் இரைச்சலும்தான். அதனால் மேடையோரம் இருக்கும் மிக்ஸரிலிருந்து ஒரு கேபிள் இழுத்து, கையடக்கமான ஒலிப்பதிவுக் கருவி ஒன்றில் தனியே பதிவு செய்கிறோம். வீட்டுக்கு வந்ததும் கேமராவின் மோசமான ஒலியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நல்ல ஒலியைப் பொருத்துவோம். எங்கள் தொழிலில் இதற்கு 'சிங்க் பண்ணுவது' என்று பெயர்.

மோசமான ஒலி என்று சொன்னாலும் அதை அழித்துவிடக் கூடாது. பொருத்துவதற்கு அதுதான் வழிகாட்டி. சினிமாவில் கிளாப் பலகை தட்டுவதும் இதற்குத்தான்: பலகை மூடும் காட்சி படத்தில் இருக்கும், 'டக்' என்ற ஓசை ஒலியில் இருக்கும், இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் மற்றவை தாமாகப் பொருந்தும். கச்சேரி மேடையில் யாரும் கிளாப் அடிக்க மாட்டார்கள். ஆனால் கணினித் திரையில் ஒலியை அலைவடிவமாகப் பார்த்தால், கிளாப்பைப் போலவே கூரான முகடுகள் நிறையக் கிடைக்கும். கேமராவின் அலைவடிவத்தை மேலேயும் ரெக்கார்டரின் அலைவடிவத்தை கீழேயும் வைத்து, ஒரே முகடு இரண்டிலும் நேராக வரும்வரை நகர்த்த வேண்டும்.

இப்போது பெரும்பாலான எடிட்டிங் மென்பொருள்கள் இதைத் தாமே செய்கின்றன. அவை செய்வது மந்திரமல்ல. ஒரு நொடி ஒலி என்பது 48,000 எண்களின் வரிசை. ஒரு வரிசையை இன்னொன்றின் மேல் வைத்து, நேருக்கு நேர் வரும் எண்களைப் பெருக்கிக் கூட்டுகிறது மென்பொருள். பிறகு ஓர் அடி தள்ளி மறுபடியும் பெருக்கிக் கூட்டுகிறது. மேடு மேட்டின் மேலும் பள்ளம் பள்ளத்தின் மேலும் விழும் இடத்தில் கூட்டுத்தொகை எகிறும். அந்த இடமே பொருத்தம். கேமரா ஒலி எவ்வளவு மங்கலாக இருந்தாலும் மேடு பள்ளங்களின் வரிசை மாறாததால் இந்த முறை வேலை செய்கிறது.

எல்லா ஒலியும் இதற்கு ஒத்துவராது. தம்புரா மட்டும் ஒலிக்கும் பகுதியைக் கொடுத்தால் மென்பொருள் திணறும். ஒரு சீப்பின் மேல் இன்னொரு சீப்பை வைத்தால் ஒவ்வொரு பல்லிலும் பொருந்துமே, அப்படி. தனியாவர்த்தனத்தில் வேறொரு பொறி இருக்கிறது. கோர்வையை மூன்று முறை வாசிப்பார்கள். சிறிய துண்டை வெட்டிக் கொடுத்தால் முதல் கோர்வையை இரண்டாவதன் மேல் பொருத்திவிட்டு, சரியாகச் செய்துவிட்டதாக மென்பொருள் நினைத்துக்கொள்ளும். நான் நம்புவது கச்சேரி தொடங்குமுன் மிருதங்கத்தைக் கல்லால் தட்டிச் சுருதி சேர்க்கும் ஓசையை. கூர்மையானது, ஒழுங்கற்றது, இரண்டு முறை ஒரே மாதிரி வராதது. ரெக்கார்டரை முன்னதாகவே ஓடவிடுவதற்கு இது ஒரு நல்ல காரணம்.

அந்தக் கச்சேரியையும் நான் அப்படித்தான் தொடக்கத்தில் பொருத்தியிருந்தேன். போன் வந்த பிறகு அவசரத்தில் ஒரு தவறு செய்தேன். முழுக் கோப்பையும் மென்பொருளிடம் கொடுத்து, தானாகப் பொருத்தச் சொன்னேன். தனி ஏறத்தாழ சரியாகிவிட்டது. மகிழ்ச்சியோடு வர்ணத்துக்குப் போனால், பாடகர் வாய் திறப்பதற்குள் குரல் வந்துவிடுகிறது. தொடக்கத்துக்கு ஓர் இடம், முடிவுக்கு வேறோர் இடம் என்று இருக்கும் கோப்பில் ஒரே பொருத்தத்தைத் தேடச் சொன்னால், மென்பொருள் நடுவில் எங்கோ நிறுத்துகிறது. முன்பாதியில் ஒலி முந்துகிறது, பின்பாதியில் பிந்துகிறது.

முந்துவது பிந்துவதைவிடக் கொடுமை. ஆற்றின் அக்கரையில் ஒருவர் துணி துவைப்பதை இக்கரையிலிருந்து பார்த்திருப்பீர்கள். துணி கல்லில் விழுந்து, மறுபடி மேலே எழும்போது ஓசை வரும். ஒலி பிந்தி வருவது இயற்கையில் உண்டு; நம் மூளைக்கு அது பழக்கம். அடிக்கு முன்னால் ஓசை வருவது உலகில் எங்கும் இல்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒளிபரப்புக்காக வகுத்த பரிந்துரையிலும் இந்த ஏற்றத்தாழ்வு இருக்கிறது: ஒலி 45 மில்லி நொடி முந்தினாலே பார்ப்பவருக்குத் தெரியத் தொடங்கும், பிந்தினால் 125 மில்லி நொடி வரை தெரியாது. ஒரு நொடிக்கு 25 படச்சட்டம் என்ற கணக்கில் ஒரு சட்டம் 40 மில்லி நொடி. அதாவது ஒரு சட்டம் முந்தினாலே ஆபத்து நெருங்கிவிட்டது, மூன்று சட்டம் வரை பிந்தலாம். மிருதங்கம் வாசிப்பவரின் கண்ணுக்கு இந்தச் சலுகை பொருந்தாது என்பது வேறு விஷயம்.

சரி, ஏன் நழுவுகிறது? கேமராவும் ரெக்கார்டரும் ஒரே நொடிக்கு 48,000 முறை ஒலியை அளப்பதாகச் சொல்கின்றன. அந்த நொடியை இரண்டும் எங்கிருந்து பெறுகின்றன? கைக்கடிகாரத்தில் இருப்பதைப் போன்ற ஒரு குவார்ட்ஸ் படிகம் ஒவ்வொன்றின் உள்ளேயும் அதிர்கிறது. எந்த இரண்டு படிகமும் அச்சாக ஒரே வேகத்தில் அதிர்வதில்லை. பத்து லட்சத்தில் 20, 30, 50 பங்கு என்று வித்தியாசம் இருக்கும். 30 பங்கு என்றால், ஒரு நாளைக்கு 2.6 நொடி தவறும் கடிகாரம். கையில் கட்டியிருந்தால் அதை நல்ல கடிகாரம் என்றே சொல்வோம். ஆனால் அந்த வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்கு 108 மில்லி நொடி. இரண்டரைச் சட்டத்துக்கும் மேல். மூன்று நிமிடக் குறும்படம் எடுப்பவருக்கு இந்தத் தொல்லை தெரியவே தெரியாது. கச்சேரிக்காரருக்கும், பட்டிமன்றக்காரருக்கும், கல்யாணத்தை முழுதாக எடுப்பவருக்கும்தான் தெரியும்.

இதில் தலைகீழாகத் தோன்றும் ஒன்று உண்டு. ரெக்கார்டரின் கடிகாரம் வேகமாக ஓடினால் ஒலி முந்தும் என்றுதான் முதலில் நினைப்போம். நடப்பது நேர்மாறு. வேகமான கடிகாரம் உண்மையான ஒரு நொடிக்குள் 48,000-க்குச் சற்று அதிகமான அளவுகளை எடுத்துவிடுகிறது. பிறகு கணினி அவற்றை நொடிக்கு 48,000 என்று பொறுமையாக ஓட்டும்போது, கோப்பு நீண்டுவிடுகிறது. ஒலி பிந்துகிறது.

இனி அளக்க வேண்டும். நழுவலைக் கண்ணால் திருத்த முயன்று ஒரு நாள் முழுவதையும் தொலைத்தவன் நான். அளந்தால் பத்து நிமிட வேலை. கேமராவின் ஒலியைத் தனியே பிரித்தெடுத்து, ரெக்கார்டரின் ஒலியோடு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்தேன். தொடக்கத்தில் சுருதி சேர்க்கும்போது விழுந்த ஒரு தட்டை, இரண்டு தடத்திலும் 42.310 நொடியில் வருமாறு நகர்த்தினேன். பிறகு கடைசிக்குப் போனேன். கைதட்டல் அளப்பதற்கு உதவாது. அது ஓசைகளின் குவியல். மங்களத்தின் கடைசி மிருதங்க அடியை எடுத்துக்கொண்டேன். கேமரா தடத்தில் அது 2 மணி 20 நிமிடம் 42.310 நொடியில் இருந்தது. ரெக்கார்டர் தடத்தில் 42.562 நொடியில். இரண்டு தட்டுகளுக்கும் நடுவே கேமரா கணக்கில் 8,400 நொடி, ரெக்கார்டர் கணக்கில் 8,400.252 நொடி. பின்னதை முன்னதால் வகுத்தால் 1.00003. பத்து லட்சத்தில் 30.

இதோடு நிறுத்திவிடக் கூடாது. இரண்டு புள்ளிகளை வைத்து எப்போதும் ஒரு நேர்கோடு போட்டுவிடலாம். நழுவல் உண்மையிலேயே நேர்கோடாகத்தான் நடந்ததா என்பதை மூன்றாவது புள்ளிதான் சொல்லும். நடுவில் 4,200 நொடி தள்ளி ஓர் அடியைத் தேடினேன். கணக்குப்படி 126 மில்லி நொடி வித்தியாசம் இருக்க வேண்டும், இருந்தது 124. போதும். படிகத்தின் வேகம் சூட்டுக்கு ஏற்ப லேசாக மாறும் என்பதால் இந்தச் சிறு பிசகு இயல்பு. குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்துவந்த கருவியை வெயிலில் வைத்து உடனே பதிவு செய்தால் பிசகு கூடும். கால் மணி முன்னதாகக் கருவியை இயக்கி வைப்பதற்கு இது இன்னொரு காரணம்.

நடுப்புள்ளி வேறு மாதிரி வந்திருந்தால் நோயே வேறு. அதுவரை பூஜ்யமாக இருந்து ஓரிடத்தில் திடீரென்று தாவியிருந்தால், அது படிகத்தின் குற்றமல்ல, கோப்பு உடைந்த இடத்தில் ஒலி விட்டுப்போயிருக்கிறது. என் சந்தேகமும் முதலில் அங்குதான் போனது. ஸ்டீரியோவில், 24 பிட் தரத்தில், ரெக்கார்டர் நொடிக்கு 2,88,000 பைட் எழுதுகிறது. 2 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக எழுதாத கருவிகள் 2 மணி 4 நிமிடத்தில் அடுத்த கோப்புக்குத் தாவும். அந்த இடத்தை வெட்டி ஒட்டும்போது இடைவெளி விழுந்திருந்தால் தாவல் தெரியும். நழுவல் மணிக்குச் சில நொடிகள் என்ற அளவில் இருந்தால் அதுவும் படிகமல்ல, அமைப்பில் எங்கோ தவறு. 29.97 சட்டத்தில் எடுத்த படத்தை 30 என்று ஓட்டினால் மணிக்கு 3.6 நொடி வித்தியாசம் வரும். 44,100-இல் பதிந்த ஒலியை 48,000 என்று ஓட்டினால் அளக்கவே தேவையில்லை. பாடகரின் சுருதி முக்கால் கட்டை ஏறியிருப்பது காதிலேயே கேட்கும். கைபேசியில் எடுத்த படத்தில் நழுவல் முன்னும் பின்னும் ஆடினால், அது வெளிச்சத்துக்கு ஏற்பச் சட்ட எண்ணிக்கையை மாற்றிக்கொண்டிருக்கிறது. அந்தப் படத்தை முதலில் நிலையான சட்ட எண்ணிக்கைக்கு மாற்றாமல் ஒலியில் கை வைத்துப் பயனில்லை.

என் நோய் படிகம்தான் என்று உறுதியானது. மருந்து, ஒலியை 1.00003 மடங்கு வேகமாக ஓட்டுவது. இங்கே ஒரு தடை. பல எடிட்டிங் மென்பொருள்களில் வேகத்தை நூற்றுவீதத்தில் இரண்டு தசம இடம் வரைதான் எழுத முடியும். நமக்கு வேண்டியது 100.003. அதில் உள்ள மிகச் சிறிய படியான 0.01 விழுக்காடே நமக்குத் தேவையானதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். நான் SoX என்ற பழைய இலவசக் கருவியைப் பயன்படுத்தினேன்:

```
sox mic.wav mic_fixed.wav speed 1.00003 rate -v 48000
```

முதல் பெயர் மூலக் கோப்பு, இரண்டாவது திருத்திய கோப்பு. கடைசிப் பகுதி, முடிவில் மறுபடியும் 48,000 என்ற கணக்கிலேயே நல்ல தரத்தில் எழுதச் சொல்கிறது. ஒலி பிந்தாமல் முந்திக்கொண்டிருந்தால், பெருக்கும் எண் ஒன்றுக்குக் கீழே, 0.99997 என்பது போல இருக்கும்.

வேகத்தைக் கூட்டினால் சுருதி ஏறாதா என்று மிருதங்கக்காரர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஏறும். ஒரு சுரஸ்தானத்துக்கும் அடுத்த சுரஸ்தானத்துக்கும் உள்ள இடைவெளியை ஏறத்தாழ இரண்டாயிரம் கூறு போட்டால், அதில் ஒரு கூறு. எந்த வித்வானின் காதுக்கும் அது எட்டாது. உண்மையில் ரெக்கார்டரின் கடிகாரம் தவறியதால் அந்த அளவுக்கு இறங்கியிருந்த சுருதியைத்தான் மீட்டுக் கொடுக்கிறோம். சுருதியை மாற்றாமல் நீளத்தை மட்டும் மாற்றும் வசதி சில மென்பொருள்களில் உண்டு. நல்லதுபோலத் தோன்றும், இந்த வேலைக்கு வேண்டாம். அது ஒலியைச் சிறு துண்டுகளாக்கி ஒன்றோடொன்று குழைத்து ஒட்டும் முறை. மிருதங்கத்தின் கூர்மை மழுங்கும்.

கணக்கே பிடிக்காதவருக்கும் ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு பாட்டும் முடிந்து கைதட்டும் இடத்தில் ஒலியை வெட்டி, அடுத்த பாட்டின் தொடக்கத்தை மறுபடி பொருத்துவது. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை வெட்டினால் 36 மில்லி நொடிக்கு மேல் நழுவாது. கைதட்டலுக்குள் அந்தச் சிறு வெட்டு யாருக்கும் தெரியாது. கச்சேரிக்கு இது செல்லும். இடைவெளியே விடாமல் ஒன்றரை மணி நேரம் பேசும் சொற்பொழிவாளரிடம் செல்லாது. நாற்பது நிமிட ராகம் தானம் பல்லவியிலும் நழுவல் அதன் கடைசியில் எட்டிப் பார்க்கும்.

திருத்திய வீடியோவை மிருதங்கக்காரருக்கு அனுப்பினேன். மறுநாளும் போன். "இப்போ ஆரம்பமும் முடிவும் ஒரே மாதிரி இருக்கு தம்பி. ஆனா எல்லாமே ஒரு மயிரிழை பின்னாடி இருக்கிற மாதிரி படுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வந்தது வெட்கம். ஆற்றங்கரைக் கதையை மற்றவர்களுக்குச் சொல்லும் நானே அதை மறந்திருந்தேன். கேமரா மேடையிலிருந்து 18 மீட்டர் தள்ளி நின்றது. மேடையின் இருபுறமும் உள்ள ஒலிபெருக்கிகளிலிருந்து ஓசை கேமராவுக்கு வந்து சேர ஏறத்தாழ 52 மில்லி நொடி ஆகும்; மீட்டருக்கு மூன்று மில்லி நொடி என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். ஒளிக்கு அந்தத் தாமதம் இல்லை. ஆகவே கேமராவின் ஒலியே கேமராவின் படத்துக்கு 52 மில்லி நொடி பிந்தியது. ரெக்கார்டரின் நல்ல ஒலியை அந்த ஒலியோடு மிகச் சரியாகப் பொருத்தியதன் மூலம், அந்தத் தாமதத்தையும் சேர்த்தே பொருத்திவிட்டேன். அலைவடிவத்தை மட்டும் நம்பும் எந்த மென்பொருளும் இதைச் செய்யும். அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தத் தாமதம் உறுத்தாது, மேடை தூரத்தில் இருப்பதை அவர் கண்ணே சொல்லிவிடும். ஆனால் கேமரா ஜூம் செய்து மிருதங்கத்தை முகத்துக்கு நேரே கொண்டுவந்துவிடுகிறது.

நல்லவேளையாக, தொடக்கத்திலும் முடிவிலும் அந்தத் தாமதம் ஒரே அளவு. கேமராவை நான் இடம் மாற்றவில்லை. அதனால் நழுவலை அளந்த கணக்கில் அது கலக்கவில்லை. செய்ய வேண்டியது ஒன்றுதான்: முழு ஒலியையும் 52 மில்லி நொடி முன்னால் தள்ளுவது. ஒரு சட்டம் தள்ளினால் 40, இரண்டு தள்ளினால் 80. இரண்டுக்கும் இடையில் நிறுத்த, பிரீமியர் போன்ற மென்பொருள்களில் காலக்கோட்டைச் சட்டக் கணக்கிலிருந்து ஒலியலகுக் கணக்குக்கு மாற்ற வேண்டும். பிரீமியரில் அதற்கான கட்டளை Show Audio Time Units. அதன் பிறகு ஒலியை மில்லி நொடி அளவிலேயே நகர்த்தலாம். சந்தேகமிருந்தால் சிறிது குறைவாகத் தள்ளுவது நல்லது, முந்துவதைவிடப் பிந்துவது மேல் என்பதால். நான் 48 தள்ளினேன். மூன்றாவது போன் வரவில்லை.

படிகத்தின் குணம் அவ்வளவு சுலபமாக மாறாது என்பது ஒரு வசதி. அடுத்த வாரம் அதே கேமரா, அதே ரெக்கார்டர், இரண்டு மணி நேரக் கச்சேரி. 216 மில்லி நொடி நழுவும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு அளந்தேன். 209 வந்தது. இப்போது ரெக்கார்டர் பையின் உள்மூடியில் 1.00003 என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். கேமரா மாறினால் சீட்டு செல்லாது. எண் இரண்டு கருவிகளுக்கும் இடையிலானது, ரெக்கார்டருக்கு மட்டும் சொந்தமல்ல.

நீங்களும் தனியே ஒலிப்பதிவு செய்பவராக இருந்தால் ஒரு வேண்டுகோள். தொடக்கத்தில் கை தட்ட எல்லோருக்கும் நினைவிருக்கிறது. நிகழ்ச்சி முடிந்ததும் கேமராவையும் ரெக்கார்டரையும் உடனே அணைத்துவிடாமல், மேடையருகே போய்க் கேமராவைப் பார்த்து இன்னொரு முறை ஓங்கிக் கை தட்டிவிட்டு அணையுங்கள்.